சங்கிலி குட்டையானால் காரம் அதிகம்



இன்று மாலை நாம் பேசப் போவது ஒரே ஒரு எண்ணைப் பற்றி. சோப்பாக்கல் எண். ஒரு கிராம் கொழுப்பை முழுவதும் சோப்பாக மாற்ற எத்தனை மில்லிகிராம் காஸ்டிக் பொட்டாஷ் செலவாகிறதோ, அதுதான் அந்த எண். தேங்காய் எண்ணெய்க்கு அது 255 வாக்கில் வரும். கடலை எண்ணெய்க்கு 190 வாக்கில் வரும்.

இரண்டும் எண்ணெய்தானே? இரண்டையும் ஒரே தராசில், ஒரே எடைதானே வைத்தோம்? பிறகு ஏன் தேங்காய் எண்ணெய் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காரத்தைக் கேட்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலக்கூறின் நீளத்தை ஒரு பியூரெட்டும் ஒரு கூம்புக் குடுவையும் வைத்துக்கொண்டு அளந்துவிடலாம். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்த மேடையை விட்டு இறங்குவதற்குள் அந்தக் கணக்கை உங்கள் முன் போட்டுக் காட்டப் போகிறேன்.

கொழுப்பு என்றால் என்ன? கிளிசரால் என்ற சிறிய மூலக்கூறு ஒன்று. அதில் தொங்கும் கொழுப்பு அமிலங்கள் மூன்று. 1823இல் பிரான்சின் செவ்ரோல் தம் நூலில் விலங்குக் கொழுப்புகளைப் பற்றி விரிவாக எழுதி, கொழுப்பு என்பது கிளிசராலும் அமிலங்களும் சேர்ந்தது என்று நிலைநாட்டினார். அந்த அமிலம் ஒவ்வொன்றும் ஒரு கார்பன் சங்கிலி. சங்கிலியின் ஒரு முனையில் மட்டும் அமிலத் தொகுதி இருக்கிறது. காரம் பிடிப்பது அந்த முனையை மட்டுமே. மீதி நீளம் எவ்வளவு இருந்தாலும் காரத்துக்கு அதில் வேலை இல்லை.

சந்தையில் ஒரு கிலோ முருங்கைக்காய் வாங்குகிறீர்கள். நீளக் காயாக எடுத்தால் கிலோவுக்கு எண்ணிக்கை குறையும். குட்டைக் காயாக எடுத்தால் எண்ணிக்கை கூடும். காய் ஒன்றுக்குக் காம்பு ஒன்றுதான். எடை ஒன்றாக இருந்தாலும் குட்டைக் காய்க் கட்டில் காம்பு அதிகம். காஸ்டிக் பொட்டாஷ் எண்ணுவது காம்புகளை! ஒரு கிராம் எண்ணெயில் எத்தனை காம்பு என்று எண்ணிச் சொல்கிறது. அந்த எண்ணிக்கையிலிருந்து காயின் சராசரி நீளத்தை நாம் கண்டுகொள்கிறோம்.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதற்குப் பன்னிரண்டு கார்பன். அதைவிடக் குட்டையான எட்டுக் கார்பன், பத்துக் கார்பன் அமிலங்களும் அதில் உண்டு. கடலை எண்ணெயில் பெரும்பகுதி பதினெட்டுக் கார்பன் சங்கிலிகள். ஒன்று குட்டைக் காய், மற்றது நீளக் காய். அவ்வளவுதான் வேறுபாடு.

சரி, எண்ணுவது எப்படி? இங்கேதான் சிக்கல் வருகிறது.

வினிகரில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், பியூரெட்டில் காரத்தை ஊற்றிச் சொட்டுச் சொட்டாக விடுவோம். நிறம் மாறியதும் நிறுத்துவோம். எண்ணெயில் அப்படிச் செய்ய முடியுமா? முடியாது. ஒரு சொட்டுக் காரம் விழுந்த நொடியில் வினை நடந்து முடிவதில்லை. அமிலம் கிளிசராலோடு பிணைந்து கிடக்கிறது. அந்தப் பிணைப்பை உடைக்கச் சூடு வேண்டும், நேரம் வேண்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் அரை மணி நேரம் காத்திருக்க யாரால் முடியும்?

அதனால் தேவைக்கு மேலேயே காரத்தைக் கொடுத்துவிடுகிறோம். தாராளமாகக் கொடுத்து, ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, எண்ணெய் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய காரத்தை அமிலத்தால் அளக்கிறோம். கொடுத்தது தெரியும், மிஞ்சியது தெரியும், செலவானது தானே தெரியும். இதற்குத்தான் பின் தரம்பார்த்தல் என்று பெயர். ஆய்வகத்தில் பேக் டைட்ரேஷன் என்பார்கள்.

அடுத்த கேள்வி. காரத்தைத் தண்ணீரில் கரைத்தால் போதாதா? ஏன் ஆல்கஹாலில் கரைக்க வேண்டும்? தண்ணீரில் எண்ணெய் கரையாது. எண்ணெய் மேலே, காரம் கீழே என்று இரண்டும் தனித்தனியாக நிற்கும். இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பில் மட்டும் மெல்ல வினை நடக்கும். சூடான ஆல்கஹாலோ எண்ணெயையும் காரத்தையும் ஒரே கரைசலில் சேர்த்துவைக்கிறது, உண்டான சோப்பையும் கரைத்து வைக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. சோப்பு தண்ணீரில் இருந்தால் சற்றே நீராற்பகுப்பு அடைந்து, தானே காரத்தன்மை காட்டும். எந்த இடத்தில் நிறம் மறைந்தது என்று தெளிவாகத் தெரியாது. ஆல்கஹாலில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. காஸ்டிக் சோடாவை விட்டுக் காஸ்டிக் பொட்டாஷை எடுப்பதற்கும் காரணம் இதுபோன்றதே: பொட்டாசியம் சோப்பு ஆல்கஹாலில் எளிதாகக் கரைந்து நிற்கும்.

இப்போது என்னோடு ஆய்வகத்துக்குள் வாருங்கள்.

எண்ணெயை வடிகட்டி, ஈரமில்லாமல் எடுத்துக்கொள்கிறோம். குடுவையில் 1.52 கிராம் தேங்காய் எண்ணெய் நிறுத்தாகிவிட்டது. அதில் 25 மில்லி ஆல்கஹாலிய காஸ்டிக் பொட்டாஷைப் பிப்பெட்டால் விடுகிறோம். அதன் செறிவு ஏறத்தாழ அரை நார்மல். பக்கத்திலேயே இன்னொரு குடுவை. அதிலும் அதே பிப்பெட்டால் 25 மில்லி. ஆனால் எண்ணெய் கிடையாது. இதுதான் வெற்றுச் சோதனை, பிளாங்க் என்பது. இரண்டு குடுவைக்கும் மேலே குளிர்விப்பானைப் பொருத்தி, நீர்த்தொட்டியின் மேல் ஒரு மணி நேரம் மெல்லக் கொதிக்க விடுகிறோம்.

வெறும் காரத்தை எதற்காக ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அந்த ஒரு மணி நேரத்தில் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கொஞ்சம் காரத்தைத் தின்னும். குடுவையின் கண்ணாடியும் கொஞ்சம் தின்னும். எண்ணெய்க் குடுவையில் நடக்கும் அந்த இழப்பெல்லாம் வெற்றுக் குடுவையிலும் அதே அளவில் நடக்க வேண்டும். அப்போதுதான் கழிக்கும்போது அந்த இழப்பு இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். இதனால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. காரத்தின் செறிவு துல்லியமாக அரை நார்மலாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தரம் பார்க்கும் அமிலத்தின் செறிவு மட்டும் துல்லியமாகத் தெரிந்தால் போதும்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. குடுவையில் எண்ணெய்த் துளி எதுவும் மிதக்கவில்லை; கரைசல் தெளிவாக நிற்கிறது. சூடு ஆறுவதற்கு முன்பே பினாப்தலின் சில சொட்டு விடுகிறோம், கரைசல் இளஞ்சிவப்பாகிறது. ஆறவிட்டால் சோப்பு கூழாக இறுகத் தொடங்கும், காற்றும் காரத்தைத் தொடும். ஆகவே சூட்டோடு சூடாக, சரியாக அரை நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து விடுகிறோம். சிவப்பு மறைந்த இடத்தில் நிறுத்துகிறோம்.

வெற்றுக் குடுவை 24.6 மில்லி அமிலம் கேட்டது. தேங்காய் எண்ணெய்க் குடுவை 10.8 மில்லிதான் கேட்டது. வேறுபாடு 13.8 மில்லி. அந்த 13.8 மில்லிக்கு ஈடான காரத்தைத்தான் எண்ணெய் எடுத்துக்கொண்டிருக்கிறது.

அரை நார்மல் அமிலம் ஒரு மில்லி, 28.05 மில்லிகிராம் காஸ்டிக் பொட்டாஷுக்குச் சமம். 13.8ஐ 28.05ஆல் பெருக்கினால் 387.09 மில்லிகிராம். அதை எண்ணெயின் எடையான 1.52ஆல் வகுத்தால் 254.7. இதுதான் இந்தத் தேங்காய் எண்ணெயின் சோப்பாக்கல் எண்.

அதே வேலையைக் கடலை எண்ணெயில் செய்வோம். எடை 1.98 கிராம். வெற்றுக் குடுவை அதே 24.6 மில்லி. எண்ணெய்க் குடுவை 11.2 மில்லி. வேறுபாடு 13.4. கணக்குப் போட்டால் 189.8. பாருங்கள், கடலை எண்ணெய் ஏறத்தாழ அரை கிராம் கூடுதலாக இருந்தும், அது எடுத்துக்கொண்ட காரம் தேங்காய் எண்ணெய் எடுத்ததைவிடக் குறைவு!

இனி நான் வாக்களித்த கணக்கு. கொழுப்பு மூலக்கூறு ஒன்றுக்கு மூன்று காம்பு; மூன்று காம்புக்கு மூன்று மூலக்கூறு காஸ்டிக் பொட்டாஷ். காஸ்டிக் பொட்டாஷின் மூலக்கூறு எடை 56.1. மூன்று மடங்கை மில்லிகிராமாக்கினால் 1,68,300. இந்தத் தொகையைச் சோப்பாக்கல் எண்ணால் வகுத்தால் கொழுப்பின் சராசரி மூலக்கூறு எடை வந்துவிடும். தேங்காய் எண்ணெய்க்கு 1,68,300ஐ 254.7ஆல் வகுக்கிறோம்: 661. கடலை எண்ணெய்க்கு 189.8ஆல் வகுக்கிறோம்: 887.

அந்த 661இல் கிளிசராலின் பங்கு 38. அதைக் கழித்து மூன்றாகப் பங்கிட்டால், ஓர் அமிலத்தின் சராசரி எடை 207.7. அமிலத்தின் தலைப்பகுதிக்கு 32 போக, ஒவ்வொரு கார்பனும் தன் இரண்டு ஹைட்ரஜனோடு சேர்ந்து 14 எடை. கணக்கு எங்கே போய் நிற்கிறது? பன்னிரண்டரைக் கார்பனில் நிற்கிறது. லாரிக் அமிலத்துக்குப் பன்னிரண்டு என்று சற்று முன் சொன்னேன் அல்லவா? கடலை எண்ணெய்க்கு இதே வழியில் போனால் பதினெட்டுக்கு வெகு அருகே வருகிறோம். ஒரு மூலக்கூறைக்கூட யாரும் கண்ணால் பார்க்கவில்லை. நிறம் மறைந்த இடத்தைப் பார்த்தோம், எழுதினோம், வகுத்தோம். சங்கிலியின் நீளம் வந்து நிற்கிறது.

இந்தச் சோதனை பிறந்தது தேங்காய் எண்ணெய்க்காக அல்ல. வெண்ணெய்க்காக. 1869இல் பிரான்சின் மெஜ் மூரியே மாட்டுக் கொழுப்பிலிருந்து மார்கரின் செய்யும் வழியைக் கண்டார். சில ஆண்டுகளில் ஐரோப்பியச் சந்தைகளில் வெண்ணெயோடு அது கலந்து விற்கப்பட்டது. நிறத்தில், பார்வையில் வேறுபாடு தெரியாது. பிடிப்பது எப்படி? 1879இல் கோட்ஸ்டோர்ஃபர் என்ற வேதியியலர் ஒரு வழி சொன்னார். வெண்ணெயில் நாலு கார்பன் மட்டுமே உள்ள பியூட்டிரிக் அமிலம் இருக்கிறது; அந்தக் குட்டைச் சங்கிலி மாட்டுக் கொழுப்பில் இல்லை. ஆகவே வெண்ணெய்க் கொழுப்பின் எண் 220க்கு மேல் போகும். மாட்டுக் கொழுப்பின் எண் 195 வாக்கில் நின்றுவிடும். எண் இறங்க இறங்கக் கலப்படம் கூடியிருக்கிறது என்று பொருள். பழைய நூல்களில் இந்த எண்ணை அவர் பெயராலேயே அழைத்திருக்கிறார்கள்.

வெண்ணெயைச் சோதிக்கும்போது நான் மாணவர்களிடம் வற்புறுத்திச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு: மூக்கைக் கவனியுங்கள். குடுவையருகே அன்னாசிப் பழ வாசனை வந்தால் உடனே குளிர்விப்பானின் தண்ணீரைப் பாருங்கள். ஆல்கஹாலிய காரத்தில் கொழுப்பு நேராகச் சோப்பாவதற்கு முன், பெரும்பகுதி ஆல்கஹாலோடு சேர்ந்து எத்தில் எஸ்டராகிறது. அந்த எஸ்டர்தான் பிறகு சோப்பாகிறது. பியூட்டிரிக் அமிலத்தின் எத்தில் எஸ்டர் எளிதில் ஆவியாகும். அதன் வாசனை அன்னாசிப் பழத்தை ஒத்தது. அந்த வாசனை வெளியே வருகிறதென்றால், நாம் எண்ண வேண்டிய குட்டைச் சங்கிலிகள் எண்ணப்படாமலே பறந்துகொண்டிருக்கின்றன. நல்ல வெண்ணெய் கலப்பட வெண்ணெயாகக் கணக்கில் ஏறிவிடும். அது ஒரு நேர்மையான பால் வியாபாரிக்கு இழைக்கும் அநீதி அல்லவா?

தவறுகளில் பெரும்பாலானவை எண்ணைக் குறைத்தே காட்டும். நேரம் போதாமல் கொதித்தால் எண் குறையும். குடுவையில் எண்ணெய்த் துளி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்வது அதனால்தான். ஆல்கஹால் தூய்மையாக இல்லாவிட்டால் வேறொரு தொல்லை. அதிலுள்ள ஆல்டிஹைடு காரத்தோடு சேர்ந்து மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். அந்தப் பழுப்பில் பினாப்தலினின் சிவப்பு எங்கே மறைந்தது என்று யாரால் சொல்ல முடியும்? பழுப்பேறிய கரைசலைக் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகத் தயாரிப்பதே சரி.

நிறுப்பதிலும் கவனம் வேண்டும். ஒன்றரை கிராமில் நூறில் ஒரு பங்கு கிராம் தவறினால் எண் ஒன்றரைக்கு மேல் தவறிப்போகும். பியூரெட்டில் ஒரு சொட்டு கூடினாலோ குறைந்தாலோ, ஏறத்தாழ ஒன்று. ஆகவே 254க்கும் 255க்கும் வேறுபாடு கண்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 255க்கும் 242க்கும் வேறுபாடு கண்டேன் என்றால் நம்புங்கள்.

எங்கிருந்து வந்தது இந்த 242? தேங்காய் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு கடலை எண்ணெயைக் கலந்தால் எண் அங்கேதான் வந்து நிற்கும். நம் நாட்டு உணவுத் தர விதியின்படி தேங்காய் எண்ணெயின் எண் 250க்குக் குறையக் கூடாது. 242 உடனே பிடிபடும். ஆனால் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் கலந்தால்? நாம் இப்போது சோதித்த எண்ணெயையே எடுத்துக்கொண்டால், 251க்கு மேல் நிற்கும்; விதியைத் தாண்டிப் போய்விடும். கொப்பரைக் களத்துப் பெரியோர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த எண் பெரிய கலப்படத்தைக் காட்டிக்கொடுக்கும். சிறிய கலப்படத்தை விட்டுவிடும்.

இதைவிட ஆழமான ஓர் எல்லையும் உண்டு. இந்த எண் சொல்வது சராசரி. சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். கோட்ஸ்டோர்ஃபரின் சோதனையும் அப்படித்தான் ஏமாந்தது. மாட்டுக் கொழுப்பின் எண் 195. தேங்காய் எண்ணெயின் எண் 255. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால்? 225! அது வெண்ணெயின் எண். அந்தக் கலவையில் ஒரு துளி வெண்ணெய்கூடக் கிடையாது; எண் மட்டும் வெண்ணெய் என்று சாட்சி சொல்கிறது. ரைஷர்ட், மைஸல் என்ற இருவரும் வேறு வழியை வகுத்தார்கள்: அமிலங்களை நீராவியோடு காய்ச்சி வடித்து, நீரில் கரையும் குட்டை அமிலங்களை மட்டும் தனியாக அளந்தார்கள். 1904இல் பொலென்ஸ்கே, ஆவியாகி வந்தும் நீரில் கரையாத அமிலங்களை அளந்தார். வெண்ணெய்க்குள் ஒளிந்திருக்கும் தேங்காய் எண்ணெய் அதில் வெளிப்பட்டது.

இன்னொரு ஏமாற்றமும் சொல்கிறேன். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கனிம எண்ணெய், அதாவது பாரஃபின் எண்ணெய் கலந்திருக்கிறது என்று வையுங்கள். எண் 229க்கு இறங்கும். நம் கணக்கை அப்படியே போட்டால் சங்கிலி பதினாலு கார்பனுக்கு நீண்டுவிட்டது என்று வரும். சங்கிலி எதுவும் நீளவில்லை! பாரஃபினுக்குக் காம்பே கிடையாது; காரத்தோடு அது சேரவே சேராது; எடையில் மட்டும் பங்கு கேட்கிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. சோப்பான சூடான கரைசலில் வெந்நீரை ஊற்றுங்கள். சுத்தமான எண்ணெய் என்றால் தெளிவாக நிற்கும். பாரஃபின் இருந்தால் கலங்கும். எண் குறைந்திருப்பதைப் பார்த்தால் முதலில் இந்த வெந்நீர்ச் சோதனையைச் செய்யுங்கள், பிறகு சங்கிலியைப் பற்றிப் பேசுங்கள்.

விளக்கெண்ணெயும் இப்படி ஒரு பாடம் கற்பிக்கிறது. அதன் எண் 180 வாக்கில் இருக்கும். கடலை எண்ணெயைவிடக் குறைவு. சங்கிலி நீளமோ? இல்லை. ரிசினோலிக் அமிலத்துக்கும் அதே பதினெட்டுக் கார்பன்தான். ஆனால் நடுவில் ஓர் ஆக்சிஜன் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எடையைக் கூட்டியது, எண்ணைக் குறைத்தது. கடுகெண்ணெயின் எண்ணும் 170 வாக்கில் நிற்கிறது. அங்கே மட்டும் காரணம் உண்மையிலேயே நீளம்: எருசிக் அமிலத்துக்கு இருபத்திரண்டு கார்பன். இரண்டும் தாழ்ந்த எண்கள்தான், காரணங்கள் வேறுவேறு. எந்தக் கொழுப்பு என்று தெரிந்த பிறகே எண்ணிலிருந்து நீளத்தைச் சொல்லலாம்.

நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் இந்த எண்ணால் பிரிக்க முடியுமா? முடியாது. சூரியகாந்தி எண்ணெயை? அதுவும் முடியாது. மூன்றிலும் பதினெட்டுக் கார்பன் சங்கிலிகளே மிகுதி. அவற்றைப் பிரிப்பது சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகள். ஓர் இரட்டைப் பிணைப்பு வந்தால் குறைவது இரண்டு ஹைட்ரஜன் மட்டுமே. சோப்பாக்கல் எண் அசைந்தும் அசையாமலும் இருக்கும். அதற்கு அயோடின் எண் என்ற வேறொரு சோதனை இருக்கிறது.

கடைசியாக, இன்றைய சந்தையில் மெய்யாகவே கடினமான வழக்கு. தேங்காய் எண்ணெயில் பனைப்பருப்பு எண்ணெயைக் கலந்தால் என்ன ஆகும்? பனை எண்ணெயைச் சொல்லவில்லை. எண்ணெய்ப் பனையின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பின் எண்ணெயைச் சொல்கிறேன். அதிலும் லாரிக் அமிலமே ஏறத்தாழப் பாதி. அதன் எண் 230 முதல் 254 வரை. அதை நாலில் ஒரு பங்கு கலந்தாலும் நம் பியூரெட் தடுமாறும். அங்கே வாயு நிறப்பகுப்புக் கருவியில் ஒவ்வொரு அமிலத்தையும் தனித்தனியே பிரித்து, எட்டுக் கார்பனும் பத்துக் கார்பனும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் கூடுதல். பனைப்பருப்பு எண்ணெயில் குறைவு.

முன் மேசையில் இரண்டு குடுவைகள் நீர்த்தொட்டியின் மேல் கொதித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு மணி நேரம் நிறைவடையப் போகிறது. சூடு ஆறுவதற்குள் தரம் பார்க்க வேண்டும்; பார்க்க விரும்புவோர் மேசையருகே வாருங்கள்.